டிக்கெட் குவியலிலிருந்து ஒரு பக்க அறிக்கை: மென்பொருள் பராமரிப்பின் வாரக் கணக்கு

பெங்களூருவின் தெற்கே, ஆனேக்கல் வட்டாரத்தில் இரண்டு உலகங்கள் அருகருகே இயங்குகின்றன. ஒருபுறம் எலெக்ட்ரானிக் சிட்டியின் மென்பொருள் நிறுவனங்கள். மறுபுறம் பொம்மசந்திரா, ஜிகணி, அத்திப்பள்ளி தொழிற்பேட்டைகளில் உள்ள இயந்திர உதிரிபாகம், மருந்து, பொட்டலப் பொருள் ஆகியவற்றின் தொழிற்சாலைகள். இத்தொழிற்சாலைகளின் பில்லிங், கையிருப்பு, சரக்கு அனுப்புதல் ஆகியவை இன்று மென்பொருளை நம்பியே நடக்கின்றன. அதைப் பராமரிக்கும் நிறுவனத்திற்கு மாதந்தோறும் கட்டணம் செல்கிறது. வெள்ளிக்கிழமை மாலை ஓர் அறிக்கையும் வருகிறது.

அந்த அறிக்கையைப் பலர் திறந்து பார்ப்பதில்லை, பார்த்தாலும் புரிவதில்லை. “இவ்வாரம் 26 டிக்கெட்டுகள் பெறப்பட்டன, 28 முடிக்கப்பட்டன” என்று அதில் இருக்கும். எண்கள் பொய்யல்ல. ஆயினும் தொழிற்சாலை உரிமையாளர் அறிய வேண்டிய செய்தி அவற்றில் இல்லாமல் போகலாம். டிக்கெட் எனப்படும் புகார்ப் பதிவுகளின் மூலத் தரவிலிருந்து, மென்பொருள் அறியாத ஒருவர் படித்து முடிவெடுக்கத்தக்க ஒரு பக்க அறிக்கையை எவ்வாறு ஆக்குவது என்பதே இப்பாடம். அறிக்கை எழுதும் சிறு நிறுவனத்தாருக்கும், அதைப் பெற்றுப் பணம் செலுத்தும் தொழில்முனைவோருக்கும் இது பயன்படும்.

இரண்டாயிரமும் தொண்ணூறும்

இப்பணியின் சாரத்தை நாடறிந்த ஒரு நிகழ்வு விளக்குகிறது. வருமான வரித் துறையின் புதிய இணையதளம் 2021 ஜூன் 7 அன்று தொடங்கப்பட்டது. அதை உருவாக்கியது, எலெக்ட்ரானிக் சிட்டியைத் தலைமையிடமாகக் கொண்ட இன்போசிஸ் நிறுவனம். தொடக்கம் முதலே பயனாளர்கள் இடர்களைச் சந்தித்தனர். ஜூன் 22 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் தலைமையில் அந்நிறுவனத்துடன் கூட்டம் நடைபெற்றது. அதுபற்றிய அரசின் செய்திக்குறிப்பு மூன்று எண்களைத் தந்தது. வந்த மின்னஞ்சல்கள் 700க்கு மேல். அவற்றில் சொல்லப்பட்ட குறைகள் 2,000க்கு மேல். ஆனால் ஒன்றோடொன்று ஒட்டாத தனித்தனிப் பிரச்சினைகள் 90.

மூன்று எண்களும் உண்மையே; எனினும் மூன்றும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை. எத்தனை பேர் வருந்தி எழுதினர் என்பதற்கு 700 விடை. எத்தனை முறை வேலை தடைப்பட்டது என்பதை 2,000 ஓரளவு காட்டுகிறது. எத்தனை பழுதுகளை நீக்க வேண்டும் என்பதற்கு 90 விடை. இவற்றுள் ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைத்தால் படிப்பவர் தவறான முடிவுக்கு வருவார்.

பழுதுகள் அங்கே எவ்வாறு பெயரிடப்பட்டன என்பதும் கவனிக்கத்தக்கது. பழைய வரிக்கணக்குகளைப் பார்த்தல், டி.டி.எஸ். அறிக்கைகள், டிஜிட்டல் கையொப்பம், மின்வழி விசாரணை, 15சிஏ மற்றும் 15சிபி படிவங்கள் ஆகிய ஐந்தும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் சீராகும் என்று நிறுவனம் கூறியதாகக் குறிப்பு தெரிவித்தது. இவையெல்லாம் வரி செலுத்துவோர் செய்யும் வேலைகளின் பெயர்கள். கணினி நிரலின் உட்பகுதிப் பெயர்கள் அல்ல. அதனால்தான் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவோர், 15சிஏ என்ற சொல்லைக் கண்டவுடன் செய்தி தமக்குரியது என உணர முடிந்தது. அப்படிவங்களைத் தாளில் நிரப்பி வங்கியிடம் அளிக்கலாம் என்ற இடைக்கால ஏற்பாடும் அந்நாட்களில் செய்யப்பட்டிருந்தது.

நாடு முழுவதற்குமான இணையதளத்திற்குப் பொருந்திய இம்முறை, ஒரு தொழிற்சாலையின் வாராந்திர அறிக்கைக்கும் பொருந்தும். பாடத்திற்காக அமைக்கப்பட்ட ஒரு மாதிரியை எடுத்து, படிப்படியாகச் செய்து பார்ப்போம்.

மூலத் தரவு எப்படி இருக்கும்?

ஜிகணியில் இயந்திர உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலை. ஆண்டு விற்பனை 5 கோடி ரூபாய்க்கு மேல். ஆகவே பிற நிறுவனங்களுக்கு விற்கும்போது மின்-விலைப்பட்டியல் கட்டாயம். அதாவது ஒவ்வொரு பில்லின் விவரத்தையும் அரசின் தளத்திற்கு அனுப்பி, ஐ.ஆர்.என். எனும் பதிவு எண் பெற்ற பின்னரே அந்த பில் செல்லுபடியாகும். வாடிக்கையாளர்களில் பலர் எல்லைக்கு அப்பால் ஓசூரில் உள்ளனர். லாரிக்குத் தொலைவு குறைவு. வரிச் சட்டத்திற்கோ அது வேறு மாநிலம். பெறுபவரின் மாநிலக் குறியீடு கர்நாடகத்தின் 29 அல்ல, தமிழ்நாட்டின் 33.

வெள்ளி மாலை டிக்கெட் அமைப்பிலிருந்து இறக்கிய கோப்பில் நான்கு வரிகளைப் பாருங்கள்:

```
id,created,resolved,status,category,subject
T-4297,2025-09-30T06:15Z,2025-10-08T06:30Z,Closed,Accounts,credit note twice in Sept register
T-4312,2025-10-06T03:50Z,2025-10-06T04:35Z,Closed,Integration,IRN failed: buyer state/PIN mismatch
T-4315,2025-10-06T05:10Z,2025-10-06T05:50Z,Closed,Integration,bill not going hosur URGENT
T-4337,2025-10-10T11:42Z,,Open,Reports,stock report font too small
```

இவ்வாறான வரிகளை உள்ளபடியே எண்ணி எழுதுவதுதான் வழக்கமான அறிக்கை. எண்ணுவதற்கு முன் நான்கு வேலைகள் உண்டு.

முதல் வேலை: வாரத்தின் எல்லையை இறுக்குதல்

நேரத்தின் முடிவில் உள்ள `Z` என்ற எழுத்து, அது இந்திய நேரம் அன்று என்பதற்கு அடையாளம். பல டிக்கெட் அமைப்புகள் உலகப் பொது நேரத்தில் சேமிக்கின்றன. இந்திய நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால் உள்ளது. நமது வாரம் வெள்ளி மாலை 5 மணிக்கு முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். கடைசி வரியின் 11:42 என்பது நமக்கு மாலை 5:12. ஆகவே அது அடுத்த வாரத்தின் கணக்கு. மாற்றாமல் எண்ணினால், எல்லையோரத்து டிக்கெட்டுகள் ஒரு வாரத்தில் இரட்டிப்பாகவோ, எந்த வாரத்திலும் சேராமலோ போகும். எக்செலில் ஒரு புதிய பத்தி சேர்த்து இவ்வாறு மாற்றலாம்:

```
=DATEVALUE(LEFT(B2,10))+TIMEVALUE(MID(B2,12,5))+TIME(5,30,0)
```

இதன் பின் அக்டோபர் 3 வெள்ளி மாலை 5 மணி முதல் அக்டோபர் 10 வெள்ளி மாலை 5 மணி வரை வந்தவை 26 எனக் கிடைக்கிறது. வாரத் தொடக்கத்தில் நிலுவையில் இருந்தவை 12. முடிக்கப்பட்ட தேதி இவ்வாரத்தில் விழுபவை 28.

எல்லையை ஒருமுறை தீர்மானித்தால் பிறகு மாற்றக்கூடாது. நிலுவை மிகுந்த வாரத்தில் சனிக்கிழமை நண்பகல் வரை நீட்டிப்பது, மாதக் கடைசியில் எழுத வேண்டிய செலவை அடுத்த மாதத்தில் எழுதுவதற்கு ஒப்பானது.

இரண்டாம் வேலை: டிக்கெட்டைப் பிரச்சினையாக மாற்றுதல்

வந்த 26 வரிகளையும் ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டும். இதற்குக் குறுக்குவழி இல்லை. ஒரு சிறு தொழிற்சாலையின் கோப்புக்கு அரைமணி நேரம் போதும். வலப்புறம் ஒரு பத்தி சேர்த்து, ஒவ்வொரு வரிக்கும் ஒரு பிரச்சினை எண் இடுங்கள். இரண்டு டிக்கெட்டுகள் ஒரே பிரச்சினையா என்பதை அறிய ஒரே சோதனைதான்: ஒரு திருத்தம் இரண்டையும் தீர்க்குமா? தீர்க்கும் எனில் ஒரே எண். இல்லையெனில் வேறு எண். தலைப்பில் உள்ள சொற்களை நம்பக்கூடாது. மேலே `IRN failed` என்பதும் `bill not going hosur` என்பதும் தோற்றத்தில் வேறு, உள்ளே ஒன்று. மாறாக “பிரின்ட் வரவில்லை” என்ற இரண்டு டிக்கெட்டுகளில், ஒன்று அச்சுப்பொறியின் பழுதாகவும் மற்றது அனுமதிக் குறைவாகவும் இருக்கலாம்.

நமது கோப்பில் 9 டிக்கெட்டுகள் ஓசூர் பில்கள் பற்றியவை. சனிக்கிழமை இரவு மென்பொருள் புதுப்பிக்கப்பட்டபோது, ஓசூர் முகவரிகளின் மாநிலக் குறியீடு கர்நாடகமாக மாறிவிட்டது. அஞ்சல் குறியீட்டோடும், வாடிக்கையாளரின் ஜி.எஸ்.டி. எண்ணோடும் பொருந்தாததால் அரசின் தளம் பில்லை ஏற்கவில்லை. சரக்கு அனுப்பும் பிரிவும் கணக்குப் பிரிவும் தனித்தனியே புகார் எழுதின. அதனால் 9 டிக்கெட்டுகளில் பேசப்பட்ட பில்கள் 7 மட்டுமே, பிரச்சினை ஒன்று.

மீதமுள்ளவற்றில் 4 டிக்கெட்டுகள், கணினி தானாகவே எழுப்பிய எச்சரிக்கைகள். இரண்டு, “நன்றி, சரியாகிவிட்டது” என்ற பதில் மின்னஞ்சல்கள் புதிய டிக்கெட்டாகப் பதிவானவை. நன்றி மடல்களை நீக்கலாம். எச்சரிக்கைகளை மொத்தமாக நீக்குவது ஆபத்து. நான்கில் மூன்று, சில நொடிகளில் தாமே சரியான இணையத் தடங்கல்கள். நான்காவது, செவ்வாய் இரவு தரவின் காப்புப் பிரதி எடுக்கப்படவில்லை என்ற எச்சரிக்கை. அதை எந்த மனிதரும் புகாராக எழுதியிருக்க மாட்டார். ஆயினும் வாரத்தின் முக்கியமான செய்திகளில் அது ஒன்று.

இப்போது கணக்கு இவ்வாறு அமைகிறது: ஓசூர் 1, காப்புப் பிரதி 1, பிற டிக்கெட்டுகள் 11. வந்த 26 டிக்கெட்டுகள் 13 பிரச்சினைகளாகச் சுருங்கின.

மூன்றாம் வேலை: “முடிந்தது” என்பதைச் சோதித்தல்

மிகுதியான தவறுகள் நிகழும் இடம் இதுவே. முடிந்ததாகக் காட்டப்படும் 28இல் ஓசூர் டிக்கெட்டுகள் 9, தடங்கல் எச்சரிக்கைகள் 3, நன்றி மடல்கள் 2. இவை போக மீதி 14. அவற்றின் வரலாற்றைத் திறந்து, கடைசிக் குறிப்பைப் படிக்க வேண்டும்.

மூன்று டிக்கெட்டுகளில் கடைசிக் குறிப்பு ஒரு கேள்வி. கேட்டவர் பராமரிப்பு நிறுவனத்தார். வாடிக்கையாளரிடமிருந்து ஏழு நாட்கள் பதில் வராததால் அமைப்பு தானாகவே அவற்றை மூடிவிட்டது. இது பல டிக்கெட் அமைப்புகளில் உள்ள வசதி. மேலே கண்ட `T-4297` அவற்றில் ஒன்று. திரும்பி வந்த சரக்குக்கான ஒரு கிரெடிட் நோட், செப்டம்பர் விற்பனைப் பதிவேட்டில் இருமுறை ஏறியிருந்தது. எது சரியானது என்று அக்டோபர் 1 அன்று கேட்கப்பட்டது. 8ஆம் தேதி நண்பகல் டிக்கெட் மூடப்பட்டது. பதிவேட்டில் பிழை அப்படியே உள்ளது. மாதந்தோறும் கணக்கு அளிக்கும் நிறுவனம் செப்டம்பர் விற்பனையை ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவத்தில் அக்டோபர் 11க்குள் தெரிவிக்க வேண்டும். அறிக்கை எழுதப்படும் நாளோ 10. `Closed` என்ற ஒரு சொல்லின் பின்னே, மறுநாள் கெடுவுடைய ஒரு பிழை மறைந்து நிற்கிறது.

இன்னொரு டிக்கெட் தீர்க்கப்பட்டு, மறுநாளே அதே குறை தோன்றியதால் மீண்டும் திறக்கப்பட்டது. ஆனால் முன்பு முடித்த தேதி அதன் `resolved` பத்தியில் அழியாமல் இருக்கிறது. தேதியை எண்ணுபவர் அதை முடிந்ததாகவே கொள்வார். இதைக் கண்டுபிடிக்கும் வழி எளிது. தொடக்க நிலுவை 12, வந்தவை 26, முடிந்தவை 28 எனில் இறுதி நிலுவை 10 ஆக வேண்டும். அமைப்பில் திறந்த நிலையில் உள்ளவற்றை நேரடியாக எண்ணினால் 11 வருகிறது. பாஸ்புக்கில் உள்ள இருப்பும் நமது ரொக்கப் புத்தகத்தின் இருப்பும் வேறுபட்டால், வேறுபாட்டின் காரணத்தைக் காணும் வரை நாம் விடுவதில்லை அல்லவா? இங்கும் அதே ஒழுங்கு வேண்டும். அந்த ஒன்றுதான் மீண்டும் திறக்கப்பட்ட டிக்கெட்.

கடைசியாக ஓசூர் டிக்கெட்டுகள். ஒன்பதும் மூடப்பட்டுள்ளன, ஏனெனில் ஒவ்வொரு பில்லிலும் குறியீட்டைக் கையால் திருத்தி அனுப்பினார்கள். வாடிக்கையாளர் பட்டியலில் தவறான குறியீடு இன்னும் உள்ளது. அடுத்த ஓசூர் பில்லும் நிற்கும். ஆக டிக்கெட்டுகள் முடிந்தன, பிரச்சினை முடியவில்லை.

எனவே உண்மையில் தீர்ந்தவை 14இலிருந்து தானாக மூடப்பட்ட 3, மீண்டும் திறந்த 1 ஆகியவற்றைக் கழித்த 10. தொடக்க நிலுவை 12, புதியவை 13, தீர்ந்தவை 10. இறுதி நிலுவை 15. மறுவழியிலும் சரிபார்க்கலாம்: அமைப்பு காட்டும் 11, தானாக மூடப்பட்ட 3, ஓசூர் 1, கூட்டினால் 15. இரு வழியும் ஒரே விடையைத் தந்த பின்னரே எண்ணை அறிக்கையில் எழுத வேண்டும்.

மூலத் தரவின்படி நிலுவை குறைந்த வாரம் இது. சரிபார்த்த கணக்கின்படி நிலுவை 12இலிருந்து 15 ஆக உயர்ந்த வாரம். இரண்டு அறிக்கைகளும் ஒரே கோப்பிலிருந்தே பிறக்கின்றன.

நான்காம் வேலை: யார் கையில் உள்ளது?

நிலுவையில் உள்ள 15க்கும் எதிரே, அடுத்த அடியை யார் எடுத்துவைக்க வேண்டும் என்று எழுதுங்கள். நமது மாதிரியில் பராமரிப்பு நிறுவனத்திடம் 8, தொழிற்சாலையிடம் 5, அச்சுப்பொறி விற்ற நிறுவனத்திடம் 2. வாடிக்கையாளரைக் குறைசொல்வது இதன் நோக்கமன்று. பதில் தர வேண்டியவர் தாம் என்பதை அவர் அறியாமலே இருக்கலாம். கேள்வி அவருடைய கணக்கரின் மின்னஞ்சலில் புதைந்திருக்கலாம்.

சராசரித் தீர்வு நேரத்தை இவ்வாறான சிறு கோப்பில் தவிர்ப்பது நன்று. ஓசூர் டிக்கெட்டுகள் ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்திற்குள் மூடப்பட்டன. நன்றி மடல்கள் ஒரு நிமிடத்தில். இவை சேர்ந்த சராசரி மிக அழகாக இருக்கும். ஒரு மாதத்திற்கு மேலாகக் கிடக்கும் ஒரு பிரச்சினையை அது மறைத்துவிடும். அதற்கு மாற்றாக, நிலுவையில் மிகப் பழையது எது, எத்தனை நாள் என்று ஒரே வரியில் சொல்லலாம்.

அறிக்கை

இவ்வளவும் செய்த பின் எழுதப்படும் அறிக்கை ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டியதில்லை. நமது மாதிரி இவ்வாறு அமையும்:

> வாராந்திர நிலை அறிக்கை
> அக்டோபர் 3 வெள்ளி மாலை 5 மணி முதல் அக்டோபர் 10 வெள்ளி மாலை 5 மணி வரை
>
> உங்கள் முடிவுக்குக் காத்திருப்பவை
> 1. செப்டம்பர் விற்பனைப் பதிவேட்டில் ஒரு கிரெடிட் நோட் இருமுறை உள்ளது. எதை நீக்க வேண்டும் என்று தங்கள் கணக்கர் கூற வேண்டும். ஜி.எஸ்.டி.ஆர்-1 அளிக்க நாளை கடைசி நாள். இதுபற்றி இன்று பிற்பகல் தொலைபேசியிலும் தெரிவித்துள்ளோம்.
> 2. ஓசூர் வாடிக்கையாளர்கள் 22 பேரின் முகவரியில் மாநிலக் குறியீட்டைத் திருத்த அனுமதி வேண்டும். பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது. சனி மாலைக்குள் ஒப்புதல் கிடைத்தால் ஞாயிறன்று திருத்துவோம்.
>
> இவ்வாரம் தங்கள் வேலையைப் பாதித்தவை
> ஓசூர் செல்லும் 7 பில்கள் அரசின் தளத்தில் ஏற்கப்படாமல் தாமதமாயின. சனிக்கிழமை நாங்கள் செய்த மென்பொருள் புதுப்பிப்பே காரணம். ஏழும் கையால் திருத்தி அனுப்பப்பட்டன. நிலையான திருத்தம் மேலே கூறியவாறு ஞாயிறன்று செய்யப்படும். அதுவரை ஒவ்வோர் ஓசூர் பில்லும் தாமதமாகலாம்.
> செவ்வாய் இரவு காப்புப் பிரதி எடுக்கப்படவில்லை. புதன் காலை எடுக்கப்பட்டது. பதிவுகள் எவையும் இழக்கப்படவில்லை.
>
> கணக்கு
> தொடக்க நிலுவை 12; புதியவை 13; தீர்ந்தவை 10; இறுதி நிலுவை 15.
> எங்களிடம் 8, தங்களிடம் 5, அச்சுப்பொறி நிறுவனத்திடம் 2.
> மிகப் பழையது: சரக்கு அனுப்பும் பிரிவின் பார்கோடு அச்சுப்பொறி, செப்டம்பர் 6 முதல் 34 நாட்கள்.
>
> அடுத்த வாரம்
> ஓசூர் திருத்தத்தின் பின் முதல் மூன்று பில்களை உடனிருந்து சரிபார்ப்போம். மீண்டும் தோன்றிய கையிருப்புக் குறையைப் புதனுக்குள் முடிப்போம்.

இதன் வரிசை தற்செயலானதன்று. படிப்பவர் முதல் சில வரிகளோடு நிறுத்திவிடலாம் என்று கருதி, அவர் செய்ய வேண்டியது தொடக்கத்தில் வைக்கப்பட்டுள்ளது. எண்கள் நடுவில் உள்ளன; அவை முதல் பகுதிக்குச் சான்று. `Integration` போன்ற வகைப்பெயர் ஓரிடத்திலும் இல்லை. பாதிக்கப்பட்டது “ஓசூர் செல்லும் பில்”. அதுவே உரிமையாளரின் மொழி.

எளிமை என்ற பெயரில் பொருளைக் கரைத்துவிடவும் கூடாது. “சில பில்களில் சிறு தொழில்நுட்பச் சிக்கல் ஏற்பட்டுச் சரிசெய்யப்பட்டது” என்று எழுதினால் சொற்கள் எளியவை; செய்தி இல்லை. எத்தனை பில், எந்த ஊர், என்ன காரணம், மீண்டும் வருமா என்ற நான்கும் இருந்தால்தான் உரிமையாளர் திங்களன்று லாரியை எப்போது வரச்சொல்வது என்று முடிவு செய்ய முடியும்.

கெடு நெருங்கிய செய்தியை அறிக்கைக்காகக் காத்திருக்க வைக்கக்கூடாது. கிரெடிட் நோட் பற்றிய குறை வெளிப்பட்டவுடன் தொலைபேசியில் அழைப்பதே முறை. அறிக்கை அதன் எழுத்துப் பதிவு மட்டுமே.

இந்த முறையின் வரம்புகள்

டிக்கெட் கோப்பில் இல்லாததை இம்முறை காட்டாது. சரக்குப் பிரிவு எழுத்தர் தமக்குத் தெரிந்த பொறியாளரை நேரடியாக அழைத்துத் தீர்த்துக்கொண்டால், அது கோப்பில் ஏறாது. லாரி எத்தனை மணி நேரம் காத்திருந்தது என்பதும் பெரும்பாலும் கோப்பில் இராது. சரக்குப் பிரிவைக் கேட்டுத்தான் எழுத வேண்டும். மேலே கண்ட மாதிரி அறிக்கையில் “தாமதமாயின” என்று மட்டும் கூறி நேரம் சொல்லாததற்குக் காரணம் இதுவே. ஒரு பிரிவிலிருந்து திடீரெனப் புகார்கள் நின்றுவிட்டால், குறை நீங்கியதாகவும் இருக்கலாம். எழுதிப் பயனில்லை என அவர்கள் கைவிட்டதாகவும் இருக்கலாம். அந்தப் பிரிவுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு விடையைத் தந்துவிடும்.

டிக்கெட்டுகளை ஒன்றாகச் சேர்ப்பதிலும் அளவு உண்டு. “பில்லிங் தொடர்பானவை” என்று பத்துப் பழுதுகளை ஒரே எண்ணில் அடைத்தால் நிலுவை குறைந்து தோன்றும். ஆகவே ஒவ்வொரு பிரச்சினை எண்ணின் கீழும் எந்தெந்த டிக்கெட்டுகள் சேர்ந்தன என்ற தாளை இணைப்பாக அனுப்ப வேண்டும். பெரும்பாலும் அதை யாரும் திறக்க மாட்டார்கள். ஐயம் எழும்போது திறந்து பார்க்க வழி இருப்பதே போதும்.

அறிக்கையைப் பெறுபவர் கேட்கத்தக்க மூன்று கேள்விகள்

தங்களுக்கு வரும் அறிக்கை வெறும் எண்களாகவே இருந்தால், மென்பொருள் அறியாமலே இம்மூன்றையும் கேட்கலாம். முதலாவது: சென்ற வாரத்தின் இறுதி நிலுவையும் இவ்வாரத்தின் தொடக்க நிலுவையும் ஒன்றா? இல்லையெனில் இடையில் எது மறைந்தது? இரண்டாவது: முடிந்தவற்றில், பதில் வராததால் மூடப்பட்டவை எத்தனை? மூன்றாவது: முடிந்ததாகக் கூறும் குறை மீண்டும் வராது என்பதற்கு எதை மாற்றினீர்கள், அன்றைக்கு மட்டும் சரிசெய்தீர்களா, வேரையே திருத்தினீர்களா?

மூன்றுக்கும் தெளிவான விடை தரும் நிறுவனம் தன் கணக்கைத் தானே சரிபார்த்திருக்கிறது என்று கொள்ளலாம். இரண்டாம் கேள்விக்கு மட்டும் விடை தாமதமானால், மூடப்பட்ட டிக்கெட்டுகளின் கடைசிக் குறிப்புகளை அனுப்பச் சொல்லுங்கள். அவற்றுள் கேள்விக்குறியோடு முடிபவற்றை முதலில் படியுங்கள். தங்கள் பதிலுக்காகக் காத்திருப்பவை அவையே.